சூரிய மின்பலகையின் வளைகோடும் ஒளிநிலைக் குறிப்பும்

20 வாட் எனப் பொறிக்கப்பட்ட படிகச் சிலிக்கன் பலகையொன்றை மாறுமின்தடையுடன் இணைத்து, மின்னழுத்தத்தைக் கிடையச்சிலும் மின்னோட்டத்தை நிலையச்சிலும் குறிப்பதாகக் கொள்வோம். கோடு நெடுந்தொலைவு ஏறக்குறைய மட்டமாகச் சென்று, பின்னர் முழங்கால்போல் மடிந்து சரியும். பெருமத் திறன் புள்ளி அம்மடிப்பில் அமைவதால், அங்கு அளவீடுகளை நெருக்கமாக எடுத்தல் வேண்டும். 14.9 வோல்ட்டில் 0.94 ஆம்பியரும், 15.5 வோல்ட்டில் 0.92 ஆம்பியரும், 16.2 வோல்ட்டில் 0.86 ஆம்பியரும் கிடைப்பின், பெருக்குத்தொகைகள் முறையே 14.0, 14.3, 13.9 வாட் ஆகும். ஆகவே உச்சி 15.5 வோல்ட்டை ஒட்டியுள்ளது.

இதுகொண்டு பலகை பழுதென்று கருதலாகாது. பொறிக்கப்பட்ட திறன், சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியிலும், 25 டிகிரி செல்சியஸ் மின்கல வெப்பநிலையிலும் கண்டதாகும். நம் அளவீட்டின்போது கதிர்மானி 800 வாட்டும், பலகையின் பின்புறம் ஒட்டிய வெப்பமானி 50 டிகிரியும் காட்டின என்க. அவ்வொளிக்கு உரியது 16 வாட்டே. இத்தகைய பலகை டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு திறனை இழக்குமாதலின், 10 விழுக்காடு கழிய 14.4 வாட் எஞ்சும். நாம் கண்டதும் ஏறக்குறைய அதுவே.

கதிர்மானி பலகையின் சாய்விலேயே இருத்தல் வேண்டும். தரையில் கிடையாக வைப்பின் இவ்வொப்பீடு பொய்க்கும். இடையே மேகம் கடந்தால் கோட்டில் பள்ளம் விழும்; அதைப் பலகையின் குறையென எண்ணுவோர் பலர். எனவே தொடக்கத்திலும் முடிவிலும் ஒளியளவைப் படித்து, இரண்டையும் வெப்பநிலையுடன் வரைபடத்தின்கீழ் எழுதுக.