பாட்டி கண் மூடிவிட்டாரா? முகம் மாற்றும் முன் மூன்று விஷயங்கள்!

குடும்பமே கூடி எடுத்த அறுபதாம் கல்யாண குரூப் போட்டோ. எல்லோரும் அழகாகச் சிரிக்க, பாட்டி மட்டும் கண்ணை மூடியிருப்பார். அடுத்த நொடியில் எடுத்த போட்டோவில் பாட்டி பளிச்சென்று பார்ப்பார். பேரன் வேறெங்கோ திரும்பியிருப்பான். இரண்டாவதிலிருந்து பாட்டியின் முகத்தை எடுத்து முதலாவதில் வைத்தால் பிரச்னை தீர்ந்தது. அதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

பிக்ஸல்

போட்டோவை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனால், கடைசியில் கோலப் புள்ளிகள் போல வரிசையாகச் சின்னச் சின்ன கட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நிறம்தான் இருக்கும். அந்தக் கட்டம்தான் பிக்ஸல்.

ரெசல்யூஷன்

போட்டோவில் எத்தனை பிக்ஸல்கள் என்பதே ரெசல்யூஷன். 4000 × 3000 என்றால் மொத்தம் 1 கோடியே 20 லட்சம். இதைத்தான் 12 மெகாபிக்ஸல் என்கிறோம். போன் கேலரியில் 'Details' பகுதியில் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

சிக்கல் வருவது இங்கேதான். முதல் போட்டோ உங்கள் போனில் எடுத்தது, 4000 × 3000. அதில் பாட்டியின் முகம் 400 பிக்ஸல் அகலம். இரண்டாவது சித்தப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்தது, 1600 × 1200. அதில் அதே முகம் 160 பிக்ஸல்தான். அதை இரண்டரை மடங்கு இழுத்தால், இல்லாத பிக்ஸல்களை மென்பொருளே அக்கம்பக்கத்து நிறத்தைப் பார்த்து நிரப்பும். சுற்றியிருப்பவர்கள் தெளிவாக இருக்க, பாட்டி மட்டும் மங்கலாகத் தெரிவார். ஒரிஜினலை 'Document' ஆக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும்.

லேயர்

ஒரு படத்தின் மேல் இன்னொரு கண்ணாடித் தாளை வைப்பது போன்றதுதான் லேயர். மேலே எதைச் செய்தாலும் அடியில் உள்ள படம் அப்படியே இருக்கும்.

கம்ப்யூட்டரில், இலவச மென்பொருளான GIMP-இல் முதல் போட்டோவைத் திறந்து, 'Open as Layers' மூலம் இரண்டாவதை அதன் மேல் கொண்டுவாருங்கள். 'Opacity'யை 50 ஆகக் குறைத்தால் இரண்டு முகங்களும் சேர்ந்து தெரியும். கண்ணும் வாயும் பொருந்தும்படி நகர்த்திவிட்டு, மீண்டும் 100 ஆக்குங்கள்.

அடுத்து 'Add Layer Mask'-இல் 'Black' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேல் படம் மறைந்துவிடும். ஓரம் மென்மையான பிரஷ்ஷால் பாட்டியின் முகத்தில் மட்டும் வெள்ளை பூசினால், கண் திறந்த முகம் எட்டிப்பார்க்கும். கொஞ்சம் அதிகமாகிவிட்டதா? அங்கே கறுப்பு பூசினால் மறைந்துவிடும். அழிப்பானால் அழித்தால் இப்படிச் சுலபமாகத் திருத்த முடியாது.

முடித்ததும் 100 சதவிகித அளவில் பாருங்கள். மூக்கின் நிழல் மற்றவர்களுக்கு ஒரு பக்கமும் பாட்டிக்கு மறுபக்கமும் விழுந்தால், எவ்வளவு பூசினாலும் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். ஒரே வெளிச்சத்தில் எடுத்த வேறு படத்தைத் தேடுங்கள். JPG-இல் லேயர்கள் ஒன்றாகிவிடும் என்பதால், XCF ஆகவும் ஒரு பிரதி சேமித்து வையுங்கள்.