கடைசிக் குழாயில் எத்தனை குடம்?

கிராம சபையில் எழுந்து பேசுகிறவர் பெரும்பாலும் ஒரு பொருளைத்தான் கேட்பார். "எங்க தெருவுக்குத் தனியா ஒரு டேங்க் கட்டிக் குடுங்க." "சிமெண்ட் ரோடு போடுங்க." "இன்னொரு போர் போடுங்க." ஊராட்சிச் செயலர் அதைக் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்புகளை வரிசையாக எழுதி, எதிரே ஒரு தொகையைப் போட்டு, அதையே ஊரின் திட்டம் என்று மேலே அனுப்பிவிடும் ஊராட்சிகள் உண்டு. கேட்பவர் சொல்வது ஒரு தீர்வு. அதற்குப் பின்னால் இருக்கும் குறை எது, அது எங்கே தொடங்குகிறது என்று விசாரிப்பதற்குத்தான் திட்டமிடல் என்ற வேலையே இருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் ஊராட்சிகளே திட்டம் தீட்டும் பொறுப்பைப் பற்றி அதன் 243ஜி பிரிவு பேசுகிறது. 2015-க்குப் பிறகு இது கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் ஆண்டுதோறும் நடக்கும் வேலையாயிற்று. பொதுவாக அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித் தொடங்கி, அடுத்த ஏப்ரலில் பிறக்கும் நிதியாண்டுக்கான பணிகளை முடிவு செய்ய வேண்டும்.

இது எப்படி நடந்தால் சரியாக நடக்கிறது என்று பார்க்க, ஓர் ஊராட்சியை நாமே கற்பனை செய்துகொள்வோம். தென்மாவட்டத்து மானாவாரிப் பகுதி. மக்கள்தொகை 2,000. தாய்க்கிராமத்தில் 250 வீடுகள். அவற்றில் 70 வீடுகள் கிழக்குத் தெருவில். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத ஆதிதிராவிடக் குடும்பங்கள். கிழக்குத் தெருவின் கோரிக்கை பல ஆண்டுகளாக ஒன்றே: புது மேல்நிலைத் தொட்டி.

முதலில் தேவைக் கணக்கெடுப்பு. வீடு வீடாகப் போகிறவர் "தண்ணி வருதா?" என்று கேட்டால் "வருது" அல்லது "வரலை" என்ற பதில்தான் கிடைக்கும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "நேத்து எத்தனை குடம் பிடிச்சீங்க? பிடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு? பத்தாததுக்கு எங்க போனீங்க, யார் போனாங்க?" என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளைப் பெண்களிடம் கேட்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் திண்ணையில் இருக்கும் ஆண்களிடம் படிவத்தை நிரப்பிக்கொண்டு திரும்புவதுதான் வழக்கமாக இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தங்கள் உறுப்பினர்களின் தேவைகளைத் தொகுத்து, வறுமைக் குறைப்புத் திட்டமாக ஊராட்சியிடம் தரும் ஏற்பாடு இருக்கிறது. அதை வாங்கிக் கோப்பில் செருகிவிடாமல், கணக்கெடுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஊரகக் குடிநீருக்கு வைத்திருக்கும் அளவு. நால்வர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால் ஏறக்குறைய 15 குடம் வர வேண்டும். நம் ஊரில் பெரிய தெருவில் அது வருகிறது. கிழக்குத் தெருவின் கடைசி வீடுகளில் ஆறு குடம்தான் வருகிறது. மீதிக்குப் பெண்கள் கைபம்புக்குப் போகிறார்கள்.

இப்போதுதான் வள வரைபடம் தேவைப்படுகிறது. மந்தையில் கோலப்பொடியால் ஊரை வரையச் சொல்லுங்கள். தொட்டி, ஆழ்துளைக் கிணறு, பைப் போகும் பாதை, கேட் வால்வு, கைபம்பு, ஊருணி, கண்மாய், அதற்கு வரும் வரத்துக்கால் என்று எல்லாம் தரையில் வந்துவிடும். எந்த அலுவலகத் தாளிலும் இல்லாத செய்திகளும் கூடவே வரும். எந்த வீட்டில் குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள், எந்த வால்வு பல வருடமாகத் திருகவே வரவில்லை என்பதை அங்கே நிற்கிற யாராவது சொல்லிவிடுவார்கள். வரைந்து முடித்ததும், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மக்கள் "புறம்போக்கு" என்று நினைக்கிற இடம் பதிவேட்டில் ஒருவர் பட்டாவாக இருக்கலாம். ஓடை என்று பதிவாகியிருப்பது தரையில் வயலாகியிருக்கலாம்.

பிறகு ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்க வேண்டும். நம் ஊரில் நடந்தவர்கள் ஒரு குடத்தையும் ஒரு கைக்கடிகாரத்தையும் கொண்டுபோனார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொட்டிக்கு அருகிலுள்ள முதல் குழாயில் குடம் அரை நிமிடத்தில் நிரம்பியது. கிழக்குத் தெருவின் கடைசிக் குழாயில் மூன்று நிமிடம் ஆனது. அதுவும் தண்ணீர் திறந்துவிடும் ஒரு மணி நேரத்தில், மேலே உள்ள வீடுகள் பிடித்து முடித்த பிறகு, கடைசி 18 நிமிடம்தான் அங்கே வந்தது. ஆறு குடத்தின் கணக்கு இதுதான்.

இனி தொட்டியைப் பார்ப்போம். 250 வீட்டுக்கு, 1,000 பேருக்கு, ஆளுக்கு 55 லிட்டர் என்றால் 55,000 லிட்டர் வேண்டும். இருக்கிற தொட்டி 60,000 லிட்டர். நாளுக்கு ஒருமுறை நிரம்பினால் ஊர் முழுவதற்கும் போதும். அப்படியானால் தொட்டி சின்னது என்பது குறை இல்லை. தொட்டியிலிருந்து இறங்கும் ஒரே பைப் பெரிய தெரு முழுவதும் கிளை விட்டுக்கொண்டே போய், வலுவெல்லாம் இழந்தபின் சற்று மேடான கிழக்குத் தெருவுக்கு ஏறுகிறது. அதே கிணற்றில் இணைத்து இன்னொரு தொட்டி கட்டினால் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. தொட்டியடியிலிருந்தே கிழக்குத் தெருவுக்குத் தனி பைப், அதற்குத் தனி கேட் வால்வு, இரண்டு தெருவுக்கும் தனித்தனி நேரம், உறிஞ்சும் மோட்டார்களுக்குத் தடை: வேலை இவ்வளவுதான். மதிப்பீடு நான்கு லட்சம் என்று கொள்வோம். புதுத் தொட்டிக்கு இதைப்போல் பல மடங்கு ஆகும்.

கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது இந்தப் படியை நன்றாகப் புரிந்துகொண்டது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய அந்த இயக்கத்தில், கிராம சபையில் எழுந்த தேவைகள் நேரடியாகப் பணிப்பட்டியல் ஆகிவிடவில்லை. ஊராட்சியின் வளர்ச்சி அறிக்கை ஒன்று எழுதப்பட்டு, கருத்தரங்கில் பேசப்பட்டு, துறைவாரியான பணிக்குழுக்களிடம் போனது. கோரிக்கையைத் திட்டமாக மாற்ற அவகாசமும் ஆட்களும் வேண்டும் என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொண்டது. நம் ஊராட்சிகளிலும் திட்டக்குழு என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது. அதில் ஒன்றியப் பொறியாளரோ ஓவர்சியரோ வந்து உட்கார்ந்தால்தான் மேலே சொன்ன கணக்கு உறுதிப்படும்.

அடுத்தது பணம். வரக்கூடிய தொகையைத் திட்டத்துக்கு முன்பே ஊராட்சி தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தொகையும் ஒரே பையில் இருப்பதில்லை. 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு வகுத்தபடி, மானியத்தில் 60 விழுக்காடு நிபந்தனையோடு வந்தது: பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு, மறுபாதி சுகாதாரத்துக்கு. மீதி 40 விழுக்காட்டை ஊரின் தேவைக்கேற்பச் செலவிட முடிந்தது. சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் கூடாது என்றிருந்தது. அந்தக் கணக்கின்படி நம் ஊருக்கு மானியம் 15 லட்சம் என்றால் குடிநீருக்கு நாலரை, சுகாதாரத்துக்கு நாலரை, மற்றதற்கு ஆறு லட்சம். வீட்டு வரியும் மாநில நிதி ஆணைய மானியமும் பெரும்பகுதி மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் மின்கட்டணமாகப் போய்விடும். தனி பைப் குடிநீர்ப் பங்கிலேயே அடங்கிவிடுகிறது. சாலைக்கு வைத்த பணத்தோடு அது மோத வேண்டியதில்லை. பலருக்கு இது தெரியாததால், சபையில் இல்லாத சண்டை நடக்கிறது.

உண்மையான போட்டி அந்த ஆறு லட்சத்துக்குத்தான். பெரிய தெருவுக்கு ஆறு லட்சத்தில் சிமெண்ட் சாலை. கிழக்குத் தெருவின் சுடுகாட்டுப் பாதை மூன்று லட்சம். அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவர் இரண்டரை லட்சம். எல்லாம் வேண்டியவைதான். எத்தனை பேருக்குப் பயன் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் 180 வீடுள்ள பக்கம் ஒவ்வொரு வருடமும் ஜெயிக்கும், 70 வீடுள்ள தெரு ஒவ்வொரு வருடமும் தோற்கும். கைதூக்கி வாக்கெடுத்தாலும் அதே முடிவுதான். சட்டம் சமூக நீதி என்று சொன்னது இந்த இடத்துக்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் மதிப்பெண் போடும்போது முதல் கேள்வி, இந்த வசதி அவர்களுக்கு இப்போது இருக்கிறதா, இல்லவே இல்லையா என்பதாக இருக்க வேண்டும். அடுத்தது, தள்ளிப்போட்டால் யாருக்கு ஆபத்து. பயனாளர் எண்ணிக்கை அதற்குப் பிறகு வரட்டும். பெரிய தெருவில் குண்டும் குழியுமாகவேனும் சாலை இருக்கிறது. மழைக்காலத்தில் பிணத்தைச் சேற்றில் தூக்கிப்போகும் தெருவுக்குப் பாதையே இல்லை. சுவர் இல்லாத அங்கன்வாடி சாலையோரத்தில் இருக்கிறது. இந்தக் கேள்விகளின்படி பாதையும் சுவரும் முதலில் வருகின்றன; ஐந்தரை லட்சத்தில் இரண்டும் முடிகின்றன.

இங்கேதான் அ-பதிவேடு மறுபடி கைகொடுக்கிறது. பாதையில் இரண்டு சென்ட் ஒருவரின் பட்டாவில் விழுகிறது. அவர் எழுத்தில் இசைவு தராமல் பணியைத் திட்டத்தில் சேர்த்தால், ஒப்புதல் கிடைத்து டெண்டர் நேரத்தில் தகராறு வரும். பணம் அந்த வருடம் சும்மா கிடக்கும். நிலம் தயாரா என்பதை மதிப்பெண்ணில் சேர்க்காமல், பட்டியலில் நுழையும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

வரைவு தயாரானதும் கிராம சபை. 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குத் தமிழ்நாட்டில் குறைவெண் வரம்பு 100 பேர். எண்ணிக்கை இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பணியின் பெயர், இடம், தொகை, எந்த நிதியில் என்பதை உரக்கப் படிக்க வேண்டும். சேர்க்காத கோரிக்கைகளையும் காரணத்தோடு படிக்க வேண்டும். புதுத் தொட்டி ஏன் இல்லை என்று கிழக்குத் தெருக்காரர்களுக்கு அந்தக் குடக் கணக்கைச் சொல்லாவிட்டால், அவர்களை ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார்கள். அப்படி நினைப்பதில் தவறும் இல்லை.

தீர்மானம் நிறைவேறியதும் திட்டம் eGramSwaraj தளத்தில் ஏறும். நிதிக்குழு மானியத்தில் செலவழிக்கும் பணி அங்கே பதிவான திட்டத்தில் இருக்க வேண்டும். சபை ஒப்புதலோடு வேலை தொடங்கிவிடாது. பொறியாளரின் விரிவான மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, டெண்டர் எல்லாம் இனிமேல்தான். ஊராட்சியின் கைக்கு மிஞ்சிய வரத்துக்கால் தூர்வாருதல் போன்றவை ஒன்றியத் திட்டத்துக்கோ வேலை உறுதித் திட்டத்துக்கோ கோரிக்கையாகப் போகும்.

உங்கள் ஊரின் திட்டத்தை அதே தளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, ஆண்டு என்று தேர்ந்தெடுத்து யாரும் பார்க்கலாம். மூன்று ஆண்டுத் திட்டங்களை எடுத்து வைத்துப் பாருங்கள். பணியின் பெயரில் தெருவோ குக்கிராமமோ இல்லாமல் "பைப்லைன் பராமரிப்பு" என்று மட்டும் இருந்தால், அது கணக்கெடுப்பிலிருந்து வந்ததல்ல. ஒரே பணி அதே தொகையில் ஆண்டுதோறும் வந்தால் போன வருடப் பட்டியலை நகலெடுத்திருக்கிறார்கள். திட்டத்தின் மொத்தத் தொகை வரக்கூடிய பணத்தைப்போல் ஐந்து மடங்கு இருந்தால், யாருக்கும் இல்லை என்று சொல்லாமல் எல்லாவற்றையும் எழுதிவைத்து, எதைச் செய்வது என்பதைப் பின்னால் நாலு பேர் முடிவு செய்யப்போகிறார்கள் என்று பொருள். இந்த மூன்றில் எது தென்பட்டாலும், பணியின் பெயரையும் ஆண்டையும் தாளில் குறித்துக்கொண்டு போய் அடுத்த கிராம சபையில் கேளுங்கள். கேட்டதும் கிடைத்த பதிலும் தீர்மானப் பதிவேட்டில் ஏறும்வரை உட்காராதீர்கள்.