தூணில் தேன்கூடு: வீடு கட்டுவோர் கவனத்திற்கு

தூணுக்குக் காங்கிரீட் போட்ட மறுநாள் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கும்போது, சில இடங்களில் சிமெண்ட் பால் இல்லாமல் ஜல்லி மட்டும் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். இதைத்தான் தேன்கூடு என்கிறார்கள். பெரும்பாலும் தூணின் அடிப்பகுதியில்தான் இது வரும். மேலிருந்து கொட்டும் கலவை கம்பிகளில் மோதி, ஜல்லி தனியாகவும் சாந்து தனியாகவும் பிரிந்து விழுவதே முக்கியக் காரணம். பலகை இடுக்கு வழியாகச் சிமெண்ட் பால் ஒழுகிப்போவது இன்னொரு காரணம்.

கலவைக்குள் சிக்கிய காற்று தானாக வெளியேறாது. நூற்றில் ஒரு பங்கு காற்று தங்கினாலே காங்கிரீட்டின் பலம் ஏறத்தாழ 5 சதவீதம் குறையும். அந்தப் பொந்து வழியே ஈரம் புகுந்து கம்பியும் துருப்பிடிக்கும். காற்றை வெளியேற்றுவதுதான் வைப்ரேட்டரின் வேலை.

9 அங்குலத்துக்கு 12 அங்குலம், 10 அடி உயரம் உள்ள தூணை எடுத்துக்கொள்வோம். கலவையை 5 அடிக்கு மேல் உயரத்திலிருந்து கொட்டக் கூடாது. எனவே பலகையின் நடுவில் ஒரு வாசல் விட்டு, முதலில் அதன் வழியே போட வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றரை அடி உயரம் போட்டதும் வைப்ரேட்டர் ஊசியை நேராக உள்ளே இறக்க வேண்டும். ஊசி முன்பு போட்ட அடுக்கிலும் 4 அங்குலம் இறங்கினால்தான் இரண்டும் ஒன்றாகச் சேரும். குமிழி வருவது நின்று மேற்பரப்பு பளபளக்கும் வரை, சுமார் 15 விநாடி வைத்து, குழி விழாதபடி மெதுவாக எடுக்க வேண்டும். அடுக்குக்கு இரண்டு இடம் என்று ஏழு அடுக்குக்கும் கணக்கிட்டால், ஒரு தூணுக்கு ஊசி ஓடுவது மொத்தம் நான்கு நிமிடம்கூட ஆகாது.

அளவுக்கு மீறி ஓட்டினால் ஜல்லி கீழே தங்கி, பால் மேலே மிதக்கும். ஊசியால் கம்பியை ஆட்டுவதும் தவறு. கலவை எளிதாக இறங்கட்டும் என்று கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினால் பலம் குறையும்.

பலகை பிரித்ததும் பூச்சு வேலைக்கு முன் நீங்களே தூணைச் சுற்றிப் பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும், பொந்து உள்ள இடம் மந்தமாகவும் ஒலிக்கும். தேன்கூடு தெரிந்தால், சிமெண்டைப் பூசி மறைக்க விடாதீர்கள். மேற்பூச்சு பொந்தை மூடுமே தவிர, பாரம் தாங்காது. பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். மேலோட்டமாக இருந்தால், தளர்ந்த ஜல்லியைக் கெட்டியான பகுதி வரும்வரை கொத்தி எடுத்து, கழுவி, சுருங்காத கிரௌட் கலவையால் நிரப்பலாம். கம்பி தெரியும் அளவுக்கு ஆழமாக இருந்தால், அவர் பார்த்து முடிவு சொல்லும் வரை மேல்தளத்தின் பாரத்தை அந்தத் தூண் மேல் ஏற்ற வேண்டாம்.