பேச்சு எந்த இடத்தில் திரும்புகிறது?

ஒரு முதிய நெசவாளரிடம் இரண்டு மணி நேரம் பேசிப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே எழுத்தில் இறக்கினால் முப்பது, நாற்பது பக்கம் வரும். கூலி உயர்வைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள வருபவரிடம் அத்தனை பக்கத்தையும் கொடுத்தால் அவர் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நாற்பத்தோராம் நிமிடத்திலிருந்து ஐம்பத்தெட்டாம் நிமிடம் வரை கூலியும் கூட்டுறவுச் சங்கமும் என்று குறித்துக் கொடுத்தால்தான் அவருக்குப் பயன். அப்படியானால் நாற்பத்தோராம் நிமிடம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

என்ன தலைப்பு என்று முதலில் புரிந்துகொண்டால்தான் அது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியும் என்றே நமக்குத் தோன்றும். அமெரிக்க ஆய்வாளர் மார்ட்டி ஹெர்ஸ்ட் 1990-களில் உருவாக்கிய டெக்ஸ்ட்டைலிங் என்ற முறைக்கு அந்தப் புரிதலே தேவையில்லை. ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசும்வரை சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். விஷயம் மாறும்போது அந்தக் கூட்டம் விலகி வேறொரு கூட்டம் வந்து சேரும். அந்த இடமாற்றம் எங்கே நடக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும் என்பதுதான் அவருடைய அடிப்படை. இன்று புழக்கத்தில் இருக்கும் பல முறைகளுக்கும் வேர் இந்த எண்ணம்தான்.

செய்முறை இதுதான். உரையை இருபது இருபது சொல்லாக நறுக்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வெட்டிலும் நின்று, அதற்கு முந்தைய இருநூறு சொற்களையும் பிந்தைய இருநூறு சொற்களையும் ஒப்பிடுகிறார்கள். ‘அது’, ‘வந்து’, ‘அப்புறம்’ போல எங்கும் வரும் சொற்களை முன்பே நீக்கிவிடுவது வழக்கம். நம் நெசவாளர் வேலையை விவரிக்கும் இடத்தில், முந்தைய பக்கத்தில் ‘தறி’ 4 முறை, ‘பாவு’ 3 முறை, ‘நாடா’ 2 முறை வருகின்றன. பிந்தைய பக்கத்தில் ‘பாவு’ 4, ‘தறி’ 3, ‘அச்சு’ 2. இரு பக்கமும் வரும் சொல்லின் எண்ணிக்கைகளைப் பெருக்கிக் கூட்டினால் 12-உம் 12-உம் சேர்ந்து 24. ஒவ்வொரு பக்கத்தின் எண்களையும் வர்க்கம் எடுத்துக் கூட்டினால் இரண்டுக்கும் 29 வருகிறது. அவற்றைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தாலும் 29. 24-ஐ 29-ஆல் வகுத்தால் 0.83. ஒரே சொற்கள் ஒரே விகிதத்தில் இருந்தால் 1, எதுவுமே பொதுவாக இல்லாவிட்டால் 0. ஆகவே 0.83 என்றால் பேச்சு மாறவில்லை.

இப்போது நாற்பத்தோராம் நிமிடத்துக்கு வருவோம். முந்தைய பக்கம் அதே தறி 4, பாவு 3, நாடா 2. பிந்தைய பக்கத்தில் ‘சங்கம்’ 4, ‘கூலி’ 3, ‘தறி’ ஒரே ஒரு முறை. பொதுவாக இருப்பது தறி மட்டும். கணக்குப் போட்டால் 0.15 வருகிறது. இந்த எண்களைக் கோடாக வரைந்தால் இங்கே ஒரு பள்ளம் தெரியும்.

எண் சிறியதாக இருப்பதை மட்டும் வைத்து வெட்டிவிடக் கூடாது. சிலர் பேசும்போது சொற்கள் எப்போதுமே சிதறித்தான் இருக்கும். அவர்களுடைய கோடு முழுவதும் தாழ்ந்தே ஓடும். அதனால் பள்ளத்தின் ஆழத்தை அதன் இரு கரைகளிலிருந்தும் அளக்கிறார்கள். இடக்கரை 0.83, வலக்கரை 0.71 என்றால் ஆழம் 0.68-உம் 0.56-உம் சேர்ந்து 1.24. அந்த உரையின் மற்றப் பள்ளங்களோடு வைத்துப் பார்த்து, போதிய ஆழம் உள்ளவற்றை மட்டும் எல்லையாகக் கொள்கிறார்கள்.

தமிழ் எழுத்துப்படியில் இதை அப்படியே ஓட்டினால் முதல் படியிலேயே தடுக்கும். தறி, தறியை, தறியில, தறிக்கு எல்லாம் கணினிக்கு நான்கு வெவ்வேறு சொற்கள். எந்தச் சொல்லும் திரும்ப வராதது போலத் தோன்றி, எல்லா இடத்திலும் எண் விழுந்து, கோடு தட்டையாகிவிடும். பள்ளமே இல்லாத தட்டையான கோடு வந்தால் முதலில் இந்தக் காரணத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். வேற்றுமை உருபுகளைக் களைந்து வேர்ச்சொல்லுக்குக் கொண்டுவந்த பிறகே எண்ண வேண்டும். முதல் சில எழுத்துகளை மட்டும் வைத்துக்கொள்ளும் குறுக்குவழி ‘தறி’க்கு உதவும், பாவு ‘பாவை’ ஆகும்போதும் வீடு ‘வீட்டுக்கு’ ஆகும்போதும் கைவிட்டுவிடும்.

அடுத்த சிக்கல் பேச்சுக்கே உரியது. ஹெர்ஸ்ட் தன் முறையைச் சோதித்தது பத்திரிகைக் கட்டுரைகளில். பேச்சில் பள்ளத்தின் அடி எல்லைக்குச் சற்றுத் தள்ளியே விழும். கேட்பவர் “அது சரிங்கய்யா, அப்பெல்லாம் கூலி எப்படிக் குடுப்பாங்க?” என்று கேட்கிறார். பெரியவர் உடனே கூலிக்குப் போவதில்லை. “கூலியா...” என்று இழுத்து, விட்ட இடத்திலிருந்து தறியைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லி முடித்து, பிறகுதான் சங்கத்துக்கு வருகிறார். கணக்குக் காட்டும் இடம் அந்தச் சங்கம். ஆனால் கேள்வி இல்லாமல் வெட்டினால், பதில் எதற்கு என்றே படிப்பவருக்குத் தெரியாது. ஆகவே பள்ளத்தைக் கண்டதும் சில வரிகள் பின்னால் போய், அதைத் தொடங்கிவைத்த கேள்வியில் எல்லையை வைக்க வேண்டும். ‘அது போகட்டும்’, ‘அதை விடுங்க’, ‘சரி, இன்னொண்ணு’ போன்ற சொற்களும் நீண்ட மௌனமும் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இவற்றை மட்டும் நம்பி வெட்டவும் முடியாது. ‘சரி’ என்பதை ஒரே தலைப்புக்குள் பல முறை சொல்கிறோம்.

நடுவில் வரும் கிளைக்கதையை என்ன செய்வது? சங்கத்தைப் பற்றிப் பேசும்போது பெரியவர் தம்பி கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்குப் போகிறார். நான்கு நிமிடம் கழித்துச் சங்கத்துக்கே திரும்புகிறார். கணக்கு இங்கே இரண்டு பள்ளம் காட்டும். என் கருத்தில் இதை வெட்டக் கூடாது. அந்தக் கடன், கூலி போதாததைச் சொல்ல அவர் எடுத்த சான்று. தலைப்புக்குள் தலைப்பாகக் குறித்துவிட்டு, பெரிய பகுதியை முழுதாக விட வேண்டும். அதே கடனிலிருந்து அவர் திரும்பாமல் குடும்பம், ஊர் விட்டுப் போனது என்று நகர்ந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். திரும்பினாரா இல்லையா என்பது அடுத்த சில நிமிடங்களைப் படித்தால்தான் தெரியும். பள்ளத்தில் நின்றபடி அதைச் சொல்ல முடியாது.

இதைவிடக் கடினம், எல்லையே இல்லாமல் நகரும் பேச்சு. பாவு தோய்க்கிற கஞ்சி, அதற்கான அரிசி, பஞ்ச காலத்து அரிசி விலை, ரேஷன் கடை என்று ஒவ்வொன்றும் முந்தையதைத் தொட்டுக்கொண்டே போகும். கோடும் மெல்ல இறங்கி மெல்ல ஏறும். இங்கே மனிதர்களுக்குள்ளும் ஒற்றுமை இருக்காது. ஹெர்ஸ்ட் பன்னிரண்டு கட்டுரைகளை ஏழு ஏழு பேரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். ஏழில் மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னாலே அதை எல்லை என்று ஏற்றார். எழுதித் திருத்திய கட்டுரைக்கே அந்த நிலை. அதனால் ஒரு பிரிப்பை மதிப்பிடும்போது, எல்லை ஒரு வரி தள்ளிப்போனதையும் ஒரு தலைப்பையே தவறவிட்டதையும் ஒரே குற்றமாக எண்ணுவதில்லை. 2002-இல் பெவ்ஸ்னரும் ஹெர்ஸ்டும் முன்வைத்த விண்டோடிஃப் என்ற அளவு, உரைமேல் ஒரு சட்டத்தை நகர்த்திக்கொண்டே போய், அதற்குள் இரு பிரிப்பிலும் எத்தனை எல்லை விழுகிறது என்று ஒப்பிடுகிறது. சற்றுத் தள்ளி வைத்தவருக்குச் சிறிய தண்டனை, தவறவிட்டவருக்குப் பெரியது.

யூத இனப்படுகொலையில் தப்பியவர்களின் சாட்சியங்களைத் திரட்டிய ஷோவா அறக்கட்டளையிடம் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நேர்காணல்கள் உள்ளன. சராசரியாக ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். தொடக்கத்தில் ஆட்களே கேட்டு, பேச்சு மாறும் இடங்களில் பிரித்தார்கள். சில ஆயிரம் சாட்சியங்களுக்குப் பிறகு, அந்த வேகத்தில் முடியாது என்று தெரிந்து, நிமிடத்துக்கு ஒன்றாகச் சமமாக வெட்டி, ஒவ்வொரு நிமிடத்துக்கும் தலைப்புச் சொற்களைச் சேர்க்கும் வழிக்கு மாறினார்கள். தேடுபவர் சரியான நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். ஆனால் அந்தக் கதை எந்த நிமிடத்தில் தொடங்கியது என்பதை அவரே பின்னோக்கிக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.