மேசைக்கு அடியில் ஓர் எழுத்து

நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் "பந்து எங்கே?" என்று கேட்டால், "மேசைக்கு அடியில" என்று யோசிக்காமல் சொல்லும். அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "டேபிள் அண்டர்" என்று சொல்லும். இரண்டு சொல்லும் சரி, வரிசைதான் தவறு. பிள்ளை பாடத்தைப் படிக்கவில்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அது தமிழில் நினைத்து, தமிழ் வரிசையிலேயே பேசியிருக்கிறது.

தமிழில் இடத்தைச் சொல்லும் சொல் எப்போதும் பொருளுக்குப் பின்னால் வரும். பெட்டியில், நாற்காலிக்குப் பின்னால், கதவுக்குப் பக்கத்தில் என்றுதான் சொல்கிறோம். நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகளைப் பட்டியலிடுகிறது. இல், உள், மேல், கீழ், முன், பின், இடை எல்லாம் அதில் உண்டு. எல்லாமே பெயர்ச்சொல்லைத் தொடர்ந்து வருபவை. ஆங்கிலத்தில் இவை பெயருக்கு முன்னால் போய் நிற்கின்றன. அதனால்தான் அவற்றுக்கு முன்னிடைச்சொல் என்று பெயர். மேலே எது, கீழே எது என்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரியும். நாம் கற்றுக்கொடுக்க வேண்டியவை இரண்டே இரண்டு. இடச்சொல்லை முன்னால் கொண்டுவருவது ஒன்று. தமிழில் ஒரே சொல்லாக இருப்பதை ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது இன்னொன்று.

இரண்டாவதுதான் கடினம். "பெட்டியில் பென்சில்", "சுவரில் பல்லி" என்று இரண்டுக்கும் 'இல்' போதும் நமக்கு. ஆங்கிலத்தில் பென்சில் 'இன் தி பாக்ஸ்', பல்லி 'ஆன் தி வால்'. பழக்கத்தில் 'இன் தி வால்' என்று பிள்ளை சொல்லிவிட்டால், பல்லி செங்கல்லுக்குள் புகுந்துவிடும். 'மேல்' என்பதிலும் இதே சிக்கல்தான். மேசைமேல் புத்தகம் இருக்கிறது, மேசைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது. தொட்டுக்கொண்டிருக்கும் புத்தகத்துக்கு ஆங்கிலம் 'ஆன்' என்கிறது, தொடாமல் உயரத்தில் இருக்கும் விசிறிக்கு 'அபவ்' என்கிறது. ஆக, பிள்ளை தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி மிக எளிது: உள்ளே அடங்கியிருக்கிறதா, மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதா? பல்லி சுவரைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது, அதனால் 'ஆன்'. சுவர் விரிசலுக்குள் போய் ஒளிந்துகொண்டால் 'இன்'.

பதினாறு பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். மூன்று நாள், ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம். ஆறு சொற்கள் போதும்: இன், ஆன், அண்டர், பிஹைண்ட், நெக்ஸ்ட் டு, பிட்வீன். முதல் நாள் முதல் மூன்று, இரண்டாம் நாள் அடுத்த மூன்று. புதையல் வேட்டை மூன்றாம் நாள்தான்.

முதல் நாளுக்கு ஒரு அட்டைப்பெட்டியும் ஓர் அழிப்பானும் போதும். ஆசிரியர் அழிப்பானைப் பெட்டிக்குள் போட்டு 'இன் தி பாக்ஸ்' என்கிறார். மூடியின்மேல் வைத்து 'ஆன் தி பாக்ஸ்', பெட்டியைத் தூக்கி அடியில் வைத்து 'அண்டர் தி பாக்ஸ்' என்கிறார். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக வந்து, ஆசிரியர் சொல்லும் இடத்தில் அழிப்பானை வைக்க வேண்டும். பிள்ளைகள் இன்னும் வாய் திறக்க வேண்டியதில்லை. காது கேட்கிறது, கை செய்கிறது, அவ்வளவுதான். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் வளர்த்தெடுத்த கற்பித்தல் முறை இது. குழந்தை தாய்மொழியைப் பேசத் தொடங்கும் முன்பே சொன்னதைக் கேட்டு நடக்கிறதல்லவா, அதே வரிசையில் இரண்டாம் மொழியையும் கற்கலாம் என்பது அவர் கருத்து.

இங்கே ஆசிரியர் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். 'அண்டர்' என்று சொல்லும்போது அவர் கண் தானாகவே பெட்டியின் அடிப்பக்கம் போகும். பிள்ளைகள் சொல்லைக் கேட்பதை விட்டுவிட்டு அந்தக் கண்ணைப் பின்தொடர்வார்கள். எல்லாரும் சரியாகச் செய்வது போலத் தோன்றும், சொல் மட்டும் யாருக்கும் பதிந்திருக்காது. ஆகவே இரண்டாம் சுற்றில் ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொல்லிப் பார்க்கட்டும். அப்போது 'இன்', 'ஆன்' இரண்டுக்கும் நடுவே தயங்கும் கைகள் வெளிப்படும். வேகமாகச் சொன்னால் இந்த இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். மறுநாள் பாடத்தைத் தொடங்கும் முன் அந்தப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டை மட்டும் இன்னொரு முறை செய்துகாட்டினால் போதும்.

இரண்டாம் நாள் 'பிஹைண்ட்' வரும்போது பொருளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாற்காலிக்கு முதுகு உண்டு, எங்கிருந்து பார்த்தாலும் அதன் பின்பக்கம் ஒன்றுதான். தண்ணீர் பாட்டிலுக்கு முதுகு கிடையாது. இந்தப் பக்கம் நிற்பவருக்கு அதன் பின்னால் இருப்பது அந்தப் பக்கம் நிற்பவருக்கு முன்னால் தெரியும். தொடக்கத்தில் நாற்காலி போதும், பாட்டில் வேண்டாம்.

இனி வேட்டை. பல வகுப்புகளில் இது எப்படி நடக்கிறது என்றால், மேசைக்கு அடியில் ஒரு சீட்டை ஒளித்துவைத்து, 'அண்டர் தி டேபிள்' என்று குறிப்பு எழுதிக் கொடுக்கிறார்கள். பிள்ளை 'டேபிள்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மேசையிடம் ஓடி, சுற்றிலும் துழாவி, சீட்டை எடுத்துவிடும். வகுப்பு கலகலப்பாக இருக்கும். 'அண்டர்' என்ற சொல்லுக்கு மட்டும் அங்கே வேலையே இல்லை. அது தெரியாத பிள்ளையும் சீட்டைக் கண்டுபிடித்துவிடும்.

இதற்கு ஒரு மாற்றம் போதும். ஒரே பொருளைச் சுற்றி மூன்று இடங்களில் மூன்று சீட்டுகளை ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தமிழ் எழுத்து இருக்கட்டும், சீட்டு மடிந்திருக்கட்டும். மேசைக்கு அடியில் 'அ', மேசைமேல் 'க', மேசைக்குப் பக்கத்தில் தரையில் 'ப'. நாற்காலிக்குப் பின்னால் 'ல', அடியில் 'ட', இருக்கையின்மேல் 'ண'. பெட்டிக்குள் 'மா', மூடியின்மேல் 'கா', அடியில் 'பூ'. கடைசியாக ஒரு புத்தகப்பையும் ஒரு பாட்டிலும். இரண்டுக்கும் நடுவில் 'ரி', பைக்குள் 'சி', பைக்கு அடியில் 'டி'. மொத்தம் பன்னிரண்டு சீட்டு.

குறிப்பு அட்டைகள் நான்கு: அண்டர் தி டேபிள், பிஹைண்ட் தி சேர், இன் தி பாக்ஸ், பிட்வீன் தி பேக் அண்ட் தி பாட்டில். அட்டைகளில் ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டு, எண் வரிசையில் எழுத்துகளைச் சேர்த்தால் 'அலமாரி' என்று வரும். புதையல் அங்கேதான்.

நான்கு பேர் கொண்ட நான்கு குழுக்கள். அட்டையை ஒருவர் வாசிக்க வேண்டும், இன்னொருவர் போய்த் தேட வேண்டும். தேடுபவர் அட்டையைப் பார்க்கக் கூடாது. வாசிப்பவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் விரல் தானாக நீண்டுவிடும். ஓர் அட்டைக்கு ஒரே ஒரு சீட்டைத்தான் திறக்கலாம். எழுத்தைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, சீட்டை மடித்துவிட்டு வந்து நோட்டில் எழுத வேண்டும். நான்கு அட்டைக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசிப்பது ஒரு முறை, தேடுவது ஒரு முறை வந்துவிடும். முதல் குழு ஒன்றாம் அட்டையில் தொடங்கினால் அடுத்த குழு இரண்டாம் அட்டையில் தொடங்கட்டும். ஒரே இடத்தில் நெரிசல் இருக்காது, முன்னால் போனவரைப் பார்த்து ஓடவும் முடியாது.

பொருள்களைத் தள்ளித் தள்ளி வைப்பதும் முக்கியம். நாற்காலி மேசையை ஒட்டி இருந்தால், நாற்காலிக்கு அடியில் இருக்கும் சீட்டு மேசைக்குப் பக்கத்திலும் இருப்பதாகிவிடும். பிள்ளை சரியாகப் புரிந்துகொண்டும் தவறான எழுத்தோடு வரும்.

இந்த ஏற்பாட்டில் பிள்ளையின் தவறைச் சொல்ல ஆசிரியர் தேவையில்லை, எழுத்தே சொல்லிவிடும்.

"டீச்சர், அலகாரின்னு வருது!"

"அலகாரின்னா என்ன?"

"தெரியல டீச்சர்."

"அப்போ எந்த எழுத்து இடிக்குதுன்னு பாருங்க."

மூன்றாவது எழுத்து என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். மூன்றாம் அட்டையை மறுபடி வாசித்துப் பார்த்து, பெட்டியின் மூடியைத் திறப்பார்கள். ஆசிரியருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. 'மா' வர வேண்டிய இடத்தில் 'கா' வந்தால், அந்தக் குழுவுக்கு 'இன்', 'ஆன்' இன்னும் பிரியவில்லை. 'ல' இருக்க வேண்டிய இடத்தில் 'ட' வந்தால் 'பிஹைண்ட்' பிடிபடவில்லை. திருத்தும் முன் எந்தக் குழுவுக்கு எந்த எழுத்து தவறியது என்று குறித்துக்கொண்டால், அடுத்த வகுப்பில் யாருக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இதுவரை பிள்ளைகள் செய்தது கேட்பதும் வாசிப்பதும்தான். சொல் வரிசையை அவர்களாக இன்னும் அமைக்கவில்லை. அதற்குத்தான் அலமாரி. புதையல் அலமாரிக்குள் இருக்கிறதா, மேலேயா, பின்னாலா, அடியிலா என்பதை அவர்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'இஸ் இட் இன் தி கப்போர்டு?' என்று ஒரு குழு கேட்டால், ஆசிரியர் 'நோ' என்பார். 'கப்போர்டு ஆன்?' என்று கேட்டால் பதில் சொல்லாமல், மேசையில் இரண்டு அட்டைகளை வைப்பார். ஒன்றில் 'ஆன்', இன்னொன்றில் 'தி கப்போர்டு'. எது முன்னால் வரவேண்டும் என்று பிள்ளையே நகர்த்தி வைத்து, அதைப் பார்த்து மறுபடி கேட்கட்டும். வரிசை சரியாக வந்த பிறகுதான் ஆசிரியர் பதில் சொல்வார். அலமாரிக்குப் பின்னால், ஒரு துணிப்பைக்குள் பதினாறு கடலைமிட்டாய்.

சில விஷயங்களை இந்த மூன்று நாளில் தொடாமல் விடுவதே நல்லது. வாசலில் நிற்பதைச் சொல்லும் 'அட்', மரத்தில் இருக்கும் பறவைக்கு 'இன்' என்றும் பழத்துக்கு 'ஆன்' என்றும் சொல்லும் வழக்கம், இவையெல்லாம் இந்த ஆறும் உறுதியான பிறகு வரட்டும். 'பால் இஸ் அண்டர் டேபிள்' என்று பிள்ளை 'தி'யை விட்டுவிட்டால், ஆசிரியர் தன் பதிலில் அதைச் சேர்த்துச் சொல்லிவிட்டு நகரலாம். இப்போது பார்க்க வேண்டியது 'அண்டர்' எங்கே நிற்கிறது என்பதை மட்டும்.

ஒரு வாரம் கழித்து, ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, சொல்வதை வரையச் சொல்லுங்கள். நாற்காலிக்கு அடியில் பந்து, இரண்டு ஜன்னலுக்கு நடுவில் கடிகாரம், கடைசியாக 'எ லிசர்ட் ஆன் தி வால்'. தாள்களை வாங்கியதும் பல்லியைத்தான் முதலில் தேட வேண்டும். அது சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே இருந்தால், அந்தப் பிள்ளைக்கு 'ஆன்' விளங்கிவிட்டது.