டிசைனருக்கு எழுதும் முதல் கடிதம்

"வணக்கம் மேடம். மூணு பெட்ரூம் ஃப்ளாட். சிம்பிளா, மாடர்னா வேணும். பட்ஜெட் ரொம்ப மேல போகக்கூடாது. கொட்டேஷன் அனுப்புங்க."

இப்படி ஒரு வாட்ஸ்ஆப் செய்தி வராத இன்டீரியர் டிசைனர் இருக்கமாட்டார். பதிலாகப் போவதும் ஏறக்குறைய ஒன்றுதான்: அறைக்கு ஒரு வார்ட்ரோப், ஹாலில் டிவி யூனிட், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், அடியில் ஒரு மொத்தத் தொகை. வேலை பாதி முடிந்த பிறகுதான் அந்த வீட்டில் பாட்டி ஒருவர் இருக்கிறார், கிரைண்டர் ஒன்று இருக்கிறது, தாத்தா காலத்துக் கட்டில் ஒன்று ஊரிலிருந்து வரப்போகிறது என்பதெல்லாம் டிசைனருக்குத் தெரியவரும். அதற்குள் பிளைவுட்டை அறுத்திருப்பார்கள்.

முதல் செய்தியை இரண்டு பக்கக் கடிதமாக எழுதினால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி வராது. எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னையில் புதிதாக ஃப்ளாட் வாங்கியவர்கள். கணவர் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார், மனைவி பள்ளி ஆசிரியை. பிளஸ் டூ படிக்கும் மகள், ஐந்தாம் வகுப்பு மகன், 74 வயது மாமியார். கடிதத்தை எழுதுவது மனைவி.

குடும்பத்தைப் பற்றி எழுதும்போது பெயரும் வயதும் மட்டும் போதாது. ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை எழுத வேண்டும். அவர் இப்படித் தொடங்குகிறார்: "காலை ஐந்தரைக்குச் சமையலறை விளக்கு எரியும். ஏழேகாலுக்குள் நாலு டிபன் பாக்ஸ் கட்டணும். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். இப்போது இருக்கும் வாடகை வீட்டில் மேடை உயரம், காய் நறுக்கினால் தோள் வலிக்கிறது. அத்தைக்கு மூட்டுவலி. வீட்டுக்குள் வாக்கர் வைத்துத்தான் நடப்பார். ராத்திரி ரெண்டு முறை பாத்ரூம் போவார். வீட்டு வேலைக்கு வரும் அக்கா தினமும் தண்ணீர் ஊற்றித்தான் துடைப்பார்."

கதை போலத் தெரியும் இந்த வரிகள் ஒவ்வொன்றும் டிசைனருக்கு ஓர் அளவு. சமையல் மேடையை வழக்கமாக 34 அங்குல உயரத்தில் வைப்பார்கள். நின்றபடி கையை மடக்கினால் முழங்கை இருக்கும் உயரத்துக்கு நாலு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை அமைந்தால் தோள் வலிக்காது. இவருக்கு அது 32, 33 அங்குலத்தில் வரும். கிரானைட் போட்ட பிறகு இதை மாற்ற முடியாது. வாக்கரின் அகலம் ஏறக்குறைய இரண்டடி. பாத்ரூம் கதவு இரண்டரை அடி என்று பில்டர் சொல்லியிருந்தாலும், நிலையும் கதவின் தடிமனும் போக மிஞ்சும் வழி எவ்வளவு என்று டேப் வைத்துப் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றித் துடைக்கும் வீட்டில் அலமாரியின் அடிப்பலகை தரையைத் தொட்டால் சில வருடங்களில் ஊதிவிடும். அதனால் நாலு அங்குலக் கால்கள் வைத்துத் தூக்க வேண்டும். சமையலறைக்கும் பாத்ரூமை ஒட்டிய இடங்களுக்கும் 710 என்ற ஐ.எஸ். எண் உள்ள மரைன் பிளைவுட் என்று கேட்கவேண்டியதும் இதே வரியால்தான்.

அடுத்தது, வீட்டை விட்டுப் போகக்கூடாத பொருட்கள். பலரும் கடைசியில் ஒரு வரியில் எழுதும் இதைக் கடிதத்தின் நடுவில், விரிவாக, படத்தோடு வைக்க வேண்டும் என்பது என் கட்சி. நீளம், அகலம், உயரம் மூன்றும் வேண்டும். ஒவ்வொன்றையும் தொடவே கூடாதா, பாலிஷ் போடலாமா, வெட்டி வேறாக்கலாமா என்றும் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் இப்படி மூன்று இருக்கின்றன: மாமியாரின் தேக்குக் கட்டில், ஊரிலிருந்து வரும் ஊஞ்சல் பலகை, கிரைண்டர்.

கட்டில் ஆறரை அடி நீளம், நாலடி அகலம். மாமியாரின் அறை பத்துக்குப் பதினொன்று. கட்டிலைப் பத்தடிப் பக்கமாக நீட்டிப் போட்டு, அதன் கால்மாட்டுச் சுவரில் இரண்டடி ஆழ வார்ட்ரோப் வைத்தால் நடுவில் மிஞ்சுவது ஒன்றரை அடி. ஒன்றரை அடி அகலக் கதவைத் திறந்தால் அது கட்டிலில் இடிக்கும், வாக்கரோடு நிற்க இடமே இருக்காது. தள்ளும் கதவு வைத்தால் இடிக்காது. ஆனால் ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும், செலவும் கூடும், வாக்கர் பிரச்சினையும் தீராது. வார்ட்ரோப்பைப் பக்கச் சுவருக்கு மாற்றினால் பதினொரு அடியில் கட்டிலுக்கு நாலு, அலமாரிக்கு இரண்டு போக ஐந்தடி கிடைக்கிறது. அதை இறங்கும் பக்கத்தில் விட்டால் வாக்கரும் போகும், கதவும் திறக்கும். கட்டிலின் அளவைச் சொல்லாமல் விட்டிருந்தால், அறைக்கு ஏற்ற 'ஸ்டாண்டர்ட்' கட்டிலை வைத்துத்தான் படம் வந்திருக்கும்.

ஊஞ்சல் இன்னும் சிக்கலானது. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் ஊஞ்சலைத் தாங்காது. கொக்கி அதைத் தாண்டிப் போய் கான்கிரீட் தளத்திலோ உத்தரத்திலோ பிடிக்க வேண்டும். சீலிங் வேலை முடிந்த பிறகு ஊஞ்சலை நினைத்துக்கொண்டால் சீலிங்கை உடைக்கத்தான் வேண்டும். எங்கே துளையிடலாம் என்று முதலில் பில்டரிடமோ கட்டுமானப் பொறியாளரிடமோ கேட்க வேண்டும். சில புதிய அடுக்குமாடிகளின் தளத்துக்குள் இழுத்து முறுக்கிய இரும்புக் கம்பிகள் ஓடும். அவற்றில் துளை பட்டால் ஆபத்து.

இடக்கணக்கும் உண்டு. கொக்கியிலிருந்து பலகை வரை சங்கிலி ஏழரை அடி என்றால், மெதுவாக ஆடினாலே முன்னும் பின்னும் இரண்டு இரண்டடி போய்வரும். பலகையின் அகலம், நீட்டிய கால் எல்லாம் சேர்த்தால் ஏழரை அடி வேண்டும். ஹாலின் அகலம் பதினோரு அடிதான். அகலவாக்கில் ஆடினால் எதிர்ச்சுவரில் டிவி யூனிட் போக நடப்பதற்கு இரண்டடி தேறும். ஆகவே ஊஞ்சல் நீளவாக்கில் ஆடட்டும், அல்லது பால்கனிப் பக்கம் போகட்டும். "எங்கே மாட்டுவது என்று நீங்கள் சொல்லுங்கள், ஆனால் ஊஞ்சல் வேண்டும்" என்று எழுதுகிறார் அவர். சரியான வாக்கியம். வேண்டும் என்பதில் உறுதியும் எங்கே என்பதில் விட்டுக்கொடுப்பும் இருந்தால்தான் டிசைனருக்கு வேலை செய்ய இடம் இருக்கும்.

கிரைண்டருக்கு ஒரு வரி போதும்: வாரத்துக்கு இரண்டு முறை மாவு ஆட்டுகிறோம். இதைச் சொல்லாவிட்டால் அது பரணுக்குப் போகும். பரணுக்குப் போன கிரைண்டர் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. சொல்லிவிட்டால், சிங்க் அருகிலோ யுட்டிலிட்டியிலோ தூக்காமலே கழுவும்படி ஒரு மேடையும் பிளக் பாயின்ட்டும் வரும்.

இனி பணம். முழுத்தொகையைச் சொன்னால் அத்தனையையும் உருவிவிடுவார்கள் என்ற பயத்தில் குறைத்துச் சொல்வது நம் வழக்கம். பன்னிரண்டு லட்சம் வைத்துக்கொண்டு எட்டு என்றால், எட்டுக்கு ஏற்ற பொருளில் படம் வரும். அதைப் பார்த்து இன்னும் நல்லதாகக் கேட்போம். ஒவ்வொன்றாகக் கூடும்போது எது எவ்வளவு கூடியது என்று ஒப்பிட நம்மிடம் எந்தக் கணக்கும் இருக்காது. உண்மையைச் சொல்லலாம், ஆனால் எந்த உண்மையை என்பதில் கவனம் வேண்டும். "எங்கள் கையிலிருந்து போகும் கடைசி ரூபாய் வரை 12 லட்சம். அதில் ஒரு லட்சத்தை எதிர்பாராத செலவுக்கு நாங்களே வைத்துக்கொள்கிறோம். மீதி 11 லட்சம், ஜி.எஸ்.டி. உட்பட." வரி 18 சதவீதம் என்றால் டிசைனர் திட்டமிடக்கூடிய தொகை ஏறக்குறைய 9 லட்சத்து 32 ஆயிரம்தான். இந்தக் கணக்கைப் போடாமல் பன்னிரண்டு என்று வாயால் சொன்னால், பன்னிரண்டு லட்சத்துக்குப் படம் போட்டு அதன் மேல் வரி வரும்.

அந்தத் தொகைக்குள் எதெல்லாம் அடங்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெயின்ட், மின்வேலை, லைட்டுகள், திரைச்சீலை, சிம்னி, ஹாப், குப்பை அகற்றும் கூலி ஆகியவை உள்ளேயா வெளியேயா? பல சண்டைகள் மரவேலையில் வருவதில்லை, இந்தப் பட்டியலில் வருகின்றன. அளக்கும் முறையைக் கேட்பதும் முக்கியம். ஏழடி உயரம், ஆறடி அகலமுள்ள வார்ட்ரோப்பின் முகப்பு 42 சதுர அடி. பேச்சுக்குச் சதுர அடி 1,400 ரூபாய் என்று வைத்தால் 58,800. மேலே இரண்டடி பரணைச் சேர்த்தால் 12 சதுர அடி, இன்னும் 16,800. ஒருவர் பரணையும் உள் டிராயர்களையும் சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் தனியாகப் போடுவார். வேறு சிலர் முகப்பை விட்டுவிட்டு, பயன்படும் பலகை அத்தனையையும் விரித்து அளப்பார்கள். சதுர அடி விலையை மட்டும் ஒப்பிட்டால் மலிவாகத் தெரிபவர் மலிவானவராக இருக்கவேண்டியதில்லை.

ரசனையைப் பற்றி எழுதுவதுதான் சுலபம் என்று நினைக்கிறோம். ஆனால் சிம்பிள், மாடர்ன், ரிச் லுக் என்பவற்றுக்கு ஆளுக்கொரு பொருள். ஐந்தாறு படங்கள் அனுப்பி ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதுவது மேல்: "இதில் ஜன்னலோர இருக்கை பிடித்தது, நிறம் பிடிக்கவில்லை." பிடிக்காதவற்றைச் சொன்னால் இன்னும் தெளிவு பிறக்கும். "பளபளக்கும் அக்ரிலிக் கதவு வேண்டாம், விரல் ரேகை துடைக்க எனக்கு நேரமில்லை. திறந்த ஷெல்ஃப் வேண்டாம், தூசி. தாளிப்பு உண்டு, அதனால் ஹாலைப் பார்த்துத் திறந்த சமையலறை வேண்டாம்." கணவன் மனைவிக்குள் ஒத்துப்போகாதது இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதலாம். "அவருக்கு அடர்ந்த மர நிறம் பிடிக்கும், எனக்கு வெளிர் நிறம். அவருடைய மேஜை இருக்கும் அறையில் அவர் இஷ்டம்." வாஸ்து பார்ப்பவர்கள் பூஜை அறை எந்தத் திசை, அடுப்பு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும். பைப்பும் வயரும் போன பிறகு வரும் வாஸ்துவுக்குச் செலவு அதிகம்.

கடிதத்தோடு ஃப்ளாட்டின் அளவு வரைபடம், அறைகளின் புகைப்படங்கள், குடிபோக வேண்டிய நாள், வேலை செய்ய அசோசியேஷன் அனுமதிக்கும் நேரம் ஆகியவற்றையும் வையுங்கள். வீட்டில் முடிவெடுப்பவர் யார், டிசைனர் யாரிடம் பேச வேண்டும் என்று ஒரே ஒரு பெயரைக் குறிப்பிடுங்கள். கடைசி வரியாக இதை எழுதுங்கள்: "நாங்கள் கேட்டதில் எது இந்தத் தொகைக்குள் வராது என்பதை எழுதி அனுப்புங்கள்." எல்லாம் வரும் என்று பதில் எழுதுபவரிடம் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள். எது வராது, அதற்குப் பதிலாக எது முடியும் என்று எழுதுபவரை வீட்டுக்கு அளவெடுக்கக் கூப்பிடுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு.