மாப்பிள்ளைக்கு எழுதிய இரண்டாவது கடிதம்

தாரை வார்க்கும்போது மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தேன். என் மனைவி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். ஐயர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். அதில் பாதி எனக்குப் புரியவில்லை. கல்யாணம் முடிந்து மண்டபத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. இந்த மூன்று நாளில் அந்தப் பையனிடம் நானாகச் சொன்னவை இரண்டே வாக்கியங்கள். "சாப்பிட்டீங்களா மாப்ள?" ஒன்று, "ரூம்ல ஏசி வேலை செய்யுதா?" இன்னொன்று.

பெண்ணின் அப்பாவுக்குக் கல்யாணத்தில் வேலை உண்டு, செலவு உண்டு, பேச்சு மட்டும் கிடையாது. சடங்கில் அவருக்காக ஐயர் பேசுகிறார். 1967-ம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் செல்லுபடியான சுயமரியாதைத் திருமணத்தில் மேடையும் மைக்கும் இருக்கின்றன. ஆனால் அங்கேயும் வாழ்த்துரை தலைவர்களுக்குத்தான். அப்பாவுக்குக் கடைசியில் நன்றியுரை கிடைத்தால் உண்டு.

முன்பு இது ஒரு குறையாகவே இருந்திருக்காது. காரணம் நம் உறவுச் சொற்களிலேயே இருக்கிறது. அம்மாவின் தம்பியும் மாமா, பெண் கொடுத்தவரும் மாமா. ஓர் ஆணுக்கு அக்காள் மகனும் மருமகன், மகளின் கணவனும் மருமகன். மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டுவது வழக்கமாக இருந்த ஊரில் இரண்டு உறவுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் தாமஸ் டிரவுட்மன் 1981-ல் திராவிட உறவுமுறை பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அந்த முறையின் அடிப்படையே இந்த மாமன் உறவுதான். என் அக்காள் மகன் என் வீட்டுத் திண்ணையில் பம்பரம் விட்டு வளர்ந்தவன். அவன் எனக்கு மாப்பிள்ளையாகியிருந்தால் வரவேற்க என்ன இருக்கிறது? ஊறுகாய் ஜாடி எங்கே இருக்கும் என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

என் மாப்பிள்ளை ஈரோட்டுக்காரர். நாங்கள் திருநெல்வேலி. மகளும் அவரும் பெங்களூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். கல்யாணத்துக்கு முன் நான் அவரைப் பார்த்தது நான்கு முறை, அதிலும் ஒரு முறை வீடியோவில். அவர் என்னைக் கூப்பிடுவது அதே பழைய "மாமா". அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த இருபது வருஷப் பழக்கம்தான் எங்களுக்குள் இல்லை. சரி, ஒரு கடிதம் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதல் கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. மனைவியிடம் கொடுத்தேன். அவள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். முதல் வாக்கியம், "எங்கள் வீட்டுச் செல்வத்தை உங்களிடம் ஒப்படைத்துவிட்டோம்."

"ஒப்படைக்கறதுக்கு அவ என்ன பார்சலா? அவளும் இதைப் படிப்பாள்ல?" என்றாள்.

அடுத்தது, "சீர் வரிசையில் ஏதாவது குறை இருந்தால் பெரிய மனது வைத்துப் பொறுத்துக்கொள்ளவும்." இதை எல்லா அப்பாக்களும் எழுதுகிறார்கள். பணிவு என்று நினைத்துத்தான் எழுதுகிறார்கள். ஆனால் குறை என்ற சொல்லை நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அதுவரை யாரும் பாத்திரத்தை எண்ணியிருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் அந்தக் கடிதத்தைப் படிக்கும் ஒரு சித்தி அன்றைக்கு எண்ணத் தொடங்கலாம். கொடுத்த பொருள்களுக்கு வேறு தாள் இருக்கிறது. வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1985-ல் வந்த விதிகளின்படி, மணமகளுக்கு வந்த பரிசுகளுக்கு அவளும் மணமகனுக்கு வந்தவற்றுக்கு அவரும் பட்டியல் வைத்திருக்க வேண்டும். எந்தப் பொருள், தோராயமாக என்ன மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். இதைச் செய்கிற குடும்பங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நாங்கள் செய்தோம். அதனால் கடிதத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

மூன்றாவதாக நான் எழுதியிருந்தது, "செல்லமாக வளர்ந்தவள். கோபம் வரும். சமையல் அவ்வளவாகத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்." இங்கே மனைவி படிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். முன்கூட்டியே சமாதானம் சொல்வதாக நினைத்து மகள்மீது நானே குற்றப்பத்திரிகை எழுதியிருக்கிறேன். நாளைக்கு இரண்டு பேருக்கும் ஏதோ வாக்குவாதம் என்று வைத்துக்கொள்வோம். "உங்க அப்பாவே எழுதியிருக்காரே" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அவள் தோற்றுவிடுவாள்.

நான்காவதுதான் நான் மிகவும் ரசித்து எழுதிய வரி. "உங்களை மருமகனாக அல்ல, மகனாகவே நினைக்கிறேன்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் மொழி இந்தப் பொய்யைத் தாங்காது. என் மகனை நான் "வாடா" என்கிறேன். இவரை "வாங்க" என்கிறேன். மகன் என்று எழுதிய அதே வரியில் "உங்களை" என்றும் எழுதியிருக்கிறேன். அதோடு அவருக்கு ஈரோட்டில் ஒரு அப்பா இருக்கிறார். முப்பது வருஷம் வளர்த்தவர் அந்தக் கடிதத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்? மருமகன் என்பது மகனுக்குக் கீழே இருக்கும் இரண்டாம்தரப் பதவி இல்லை. அது வேறு உறவு. அதற்கென்று ஒரு மரியாதையும் கொஞ்சம் தூரமும் உண்டு. அந்தத் தூரம் இருப்பதால்தான் மாமனாரிடம் அப்பாவிடம் பேச முடியாததைச் சில பேர் பேசுகிறார்கள்.

நான்கு வரிகளையும் எடுத்த பிறகு மிஞ்சியது "அன்புள்ள" என்ற சொல்லும் என் கையெழுத்தும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதினேன். இந்த முறை இரண்டு தீர்மானங்கள். அவரிடம் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்வது. பிறகு, எங்கள் வீட்டில் வளர்ந்திருந்தால் அவருக்குத் தானாகவே தெரிந்திருக்கும் விஷயங்களைச் சொல்வது. அந்தக் கடிதம் இதுதான்.

"அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கல்யாணத்தன்று மத்தியானப் பந்தியில் பரிமாறிய பையன் உங்கள் பட்டு வேட்டியில் ரசத்தைக் கொட்டிவிட்டான். சமையல்காரர் அவனைத் திட்ட ஓடி வந்தார். 'நான்தான் கையைத் தட்டிவிட்டேன்' என்றீர்கள். நீங்கள் தட்டவில்லை. எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

நம் வீட்டைப் பற்றிச் சில விவரங்கள். சாவி வாசலில் இடது பக்க மாடத்தில், விளக்குக்குப் பின்னால் இருக்கும். மோட்டார் சுவிட்ச் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. இருபது நிமிஷம் ஓடினால் தொட்டி நிறையும். காலை ஐந்து மணிக்கு நான் ரேடியோ போடுவேன். சத்தம் அதிகமென்றால் சொல்லுங்கள். உங்கள் அத்தை இன்னொரு தோசை வைக்கவா என்று மூன்று முறை கேட்பாள். மூன்று முறையும் வேண்டாமென்று சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டாள். இரண்டாவது முறை ஒத்துக்கொண்டவர்கள்தான் கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

தலை தீபாவளிக்கு இருவரும் வந்தால் சந்தோஷம். லீவு கிடைக்காவிட்டாலோ ஈரோட்டில் இருக்க வேண்டியிருந்தாலோ, முடிந்தபோது வாருங்கள். முறுக்கு கெட்டுப்போகாது.

அவளைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. அவளே சொல்வாள்.

அப்பா அம்மாவுக்கு என் வணக்கம்.

மாமா"

தலை தீபாவளி வரியை மட்டும் மனைவி எடுக்கச் சொன்னாள். முதல் தீபாவளி பெண் வீட்டில் என்பது அவளுக்கு மாற்ற முடியாத சட்டம். ஆனால் அந்த நாளில்தான் பல வீடுகளில் முதல் மனஸ்தாபம் வருகிறது. அழைப்பு நேரில் வந்ததா போனில் வந்ததா, மோதிரம் எத்தனை கிராம், அவன் அம்மா தனியாக இருக்கிறாளே என்றெல்லாம் பேச்சு கிளம்பும். வராமலிருக்க முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிட்டால் வருகிறவர்கள் மனதார வருவார்கள். வாதாடி அந்த வரியைக் காப்பாற்றினேன். முறுக்கு பற்றிய வாக்கியம் அவள் சேர்த்தது.

எல்லா அப்பாக்களுக்கும் இந்த அமைப்பு பொருந்தாது. என் நண்பர் ஒருவர் மகளின் காதலை ஒரு வருஷம் எதிர்த்துவிட்டு ஒத்துக்கொண்டவர். என் கடிதத்தைக் காட்டியதும் அவரும் இதேபோல் சாவி, சுவிட்ச் என்று எழுதினார். சரியாக வரவில்லை. அந்தப் பையனுக்கு அவர் வீட்டில் தெரிய வேண்டியது சுவிட்ச் இருக்கும் இடம் இல்லை. "நான் முதலில் மறுத்தேன். உங்களைத் தெரியாமலே மறுத்தேன். அது என் தவறு" என்று முதலில் எழுதுங்கள் என்றேன். மூன்று நாள் எடுத்துக்கொண்டு எழுதினார். அதற்குப் பிறகு வேறு எதையும் சேர்க்கத் தோன்றவில்லை என்று அப்படியே அனுப்பிவிட்டார். நீளம் போதாது என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை.

எப்படி அனுப்புவது என்பதையும் யோசிக்க வேண்டும். மறுவீட்டுக்கு வந்து கிளம்பும்போது கையில் கொடுத்தால் ரயிலில் பத்துப் பேர் படிப்பார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கடிதம் மாப்பிள்ளைக்கு எழுதினது ஆகாது, நாற்பது பேர் கைதட்டுவதற்கு எழுதினது ஆகிவிடும். நான் தபாலில் அனுப்பினேன். நல்ல காரியத்துக்கான கடிதம் என்று என் அப்பா செய்வதுபோல நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினேன். எத்தனை மறைத்தாலும் மகள் படிப்பாள், ஒருநாள் சம்பந்தியும் படிப்பார். அவர்கள் முன்னால் சத்தமாகப் படிக்க முடியாத வரி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்டினேன்.

பதில் கடிதம் வரவில்லை. இந்தத் தலைமுறையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. மகள் மட்டும் போனில், "ரசம் விஷயம் எனக்கே தெரியாதுப்பா" என்றாள்.

போன மாதம் இருவரும் வந்திருந்தார்கள். காலையில் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"மாமா, இருபது நிமிஷம்னு எழுதியிருந்தீங்க. பதினஞ்சுலயே வழியுதே."

மறுநாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். பதினைந்துதான்.